வேலைக்கு விண்ணப்பித்தவரின் ஷீட்: ஏழு வாரப் பதிவு

பின்னணி

கோயம்புத்தூரில் ஒரு மில்லின் மனிதவளப் பிரிவில் பதினான்கு வருடம் வேலை பார்த்தேன். இப்போது சனிக்கிழமைகளில், வேலை தேடுகிறவர்களோடு உட்கார்ந்து அவர்களுடைய விண்ணப்பங்களைப் பார்த்துக் கொடுக்கிறேன். இது 2024 ஜூன், ஜூலை மாதங்களில் என்னிடம் வந்த ஒருவரின் கதை. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவரையும் நிறுவனங்களையும் அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

அவர் பி.காம். படித்தவர், வயது இருபத்தேழு. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் நான்கு வருடம் கணக்குப் பிரிவில் இருந்தார். டாலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன், டிடிஎஸ் எல்லாம் கையில் பழகியவை. வருடக் கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டு மார்ச் கடைசியில் விலகினார். கோயம்புத்தூரிலேயே வேலை வேண்டும் என்பது வீட்டுச் சூழ்நிலை. ஏப்ரல், மே இரண்டு மாதமும் விடாமல் விண்ணப்பித்தார். எங்கே, எப்போது, எந்த வழியாக என்பதெல்லாம் நினைவில் இருந்தது, கொஞ்சம் ஒரு நோட்டில் இருந்தது.

ஜூன் 12, புதன்கிழமை. காந்திபுரத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கும்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. "மேடம், அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ் வேலைக்கு அப்ளை பண்ணியிருந்தீங்க. எவ்வளவு எதிர்பார்க்குறீங்க?" அந்த நிறுவனத்துக்கு எவ்வளவு எழுதினோம் என்று அவருக்கு நினைவில்லை. இருபத்தெட்டாயிரம் என்றார். விண்ணப்பத்தில் இருந்தது இருபத்தைந்தாயிரம். எதிர்முனையில் இருந்தவர், "சரி மேடம், பார்த்துட்டு சொல்றோம்" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

இரண்டு நாள் கழித்து வேறு எதையோ தேடும்போது, ஜூன் 3 அன்று வந்த ஒரு மின்னஞ்சல் கண்ணில் பட்டது. அவிநாசி சாலையில் உள்ள ஒரு நிறுவனம் நேர்காணலுக்கு எந்த நாள் வசதி என்று கேட்டிருந்தது. கல்லூரிக் காலத்தில் தொடங்கிய பழைய முகவரிக்கு வந்த மடல் அது. வேலைவாய்ப்புத் தளத்தில் அந்த முகவரிதான் பதிவாகியிருந்தது, அவர் தினமும் திறப்பதோ புதியதை. உடனே பதில் போட்டார். ஆள் எடுத்துவிட்டோம் என்று மறுமொழி வந்தது. அடுத்த நாள், ஜூன் 15, சனிக்கிழமை என்னிடம் வந்தார்.

முதல் நாளில் கண்டது

முதலில் இதுவரை நடந்ததைத் திரட்டினோம். இரண்டு மின்னஞ்சல் பெட்டிகள், வேலைவாய்ப்புத் தளத்தில் விண்ணப்பித்த வேலைகளின் பட்டியல், வாட்ஸ்அப், ஃபோனின் அழைப்புப் பதிவு, அப்புறம் அந்த நோட்டு. முழுதாக இரண்டரை மணி நேரம் ஆனது. கிடைத்தவை 43 விண்ணப்பங்கள்.

அதில் ஐந்து இரட்டை. ஒரே நிறுவனத்துக்கு கன்சல்டன்சி வழியாக ஒரு தடவை, நேரடியாக ஒரு தடவை. இது சின்ன விஷயம் இல்லை. கன்சல்டன்சி வழியாக வந்த ஆளை எடுத்தால் நிறுவனம் கட்டணம் தர வேண்டும். அதே ஆள் நேரடியாகவும் வந்தால், யார் கணக்கில் வைப்பது என்று குழப்பம் வரும். வேறு ஆளும் கையில் இருந்தால், குழப்பம் உள்ளதை ஓரமாக வைத்துவிடுவார்கள். என் பழைய வேலையில் நானே அப்படி வைத்திருக்கிறேன்.

மூன்று இடங்களில் அவர் பதில் சொல்ல வேண்டியது அப்படியே நின்றிருந்தது. மேலே சொன்ன மடல் ஒன்று. ஒரு கன்சல்டன்சி சம்பளச் சீட்டு கேட்டு வாட்ஸ்அப் அனுப்பியிருந்தது. இன்னொருவர், "மாதக் கடைசியில் ஒரு தடவை கூப்பிடுங்க" என்று மே மாதம் ஃபோனில் சொன்னது நோட்டில் பென்சிலால் எழுதியிருந்தது. எந்த மாதக் கடைசி, யாரைக் கூப்பிடுவது என்று எதுவும் இல்லை.

இரண்டு மாதமாக "யாரும் பதில் போடுறதில்ல அக்கா" என்றுதான் அவர் எண்ணிக்கொண்டிருந்தார். பெரும்பாலான இடங்களில் அது உண்மைதான். ஆனால் பதில் போட்ட மூன்று பேர் அந்த மௌனத்துக்கு நடுவில் மறைந்துவிட்டார்கள்.

முதல் ஷீட், அது நின்றுபோன விதம்

அன்றே கூகுள் ஷீட்டில் ஒரு பட்டியல் அமைத்துக் கொடுத்தேன். பதினேழு பத்திகள். நிறுவனத்தின் தொழில், ஊழியர் எண்ணிக்கை, வேலை விளம்பரத்தின் இணைப்பு, எந்த ரெஸ்யூமே, விருப்பத்தின் அளவு ஒன்று முதல் ஐந்து வரை என்று எனக்குப் பயன்படும் என்று தோன்றியதையெல்லாம் சேர்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை திறந்து பார்த்தோம். ஜூன் 19, புதன்கிழமையோடு பதிவு நின்றிருந்தது. அதற்குப் பிறகும் அவர் விண்ணப்பித்திருக்கிறார், ஷீட்டில் ஏற்றவில்லை. காரணம் கேட்டேன். ஒரு வரிசையை நிரப்ப ஐந்தாறு நிமிடம் ஆகிறது, ராத்திரி சேர்த்து எழுதலாம் என்று விட்டால் அப்படியே தங்கிவிடுகிறது என்றார். தவறு என்னுடையது. ஆள் எடுக்கிறவர்கள் வைத்துக்கொள்ளும் பட்டியலைத் தேடுகிறவர் கையில் கொடுத்துவிட்டேன். நிறுவனத்துக்கு ஒப்பிட்டுப் பார்க்க விவரம் வேண்டும். தேடுகிறவருக்கு இன்று யாரைக் கூப்பிட வேண்டும் என்பதுதான் வேண்டும்.

இரண்டாவது ஷீட்

ஜூன் 22 அன்று ஒன்பது பத்திகளாகக் குறைத்தோம். நிறுவனம், பணி, விண்ணப்பித்த நாள், வந்த வழி, தொடர்பு, சொன்ன சம்பளம், அடுத்து செய்வது, அடுத்த தேதி, குறிப்பு. 43 வரிசைகளில் இரட்டைகளைச் சேர்த்தபின் 38 ஆனது.

'வந்த வழி'யில் தளமா, கன்சல்டன்சியா, தெரிந்தவரா என்பதோடு எந்த மின்னஞ்சல் முகவரி என்பதையும் எழுதச் சொன்னேன். 'சொன்ன சம்பளம்' பஸ்ஸில் வந்த அழைப்புக்காகவே வைத்தது. 'தொடர்பு' என்றால் வெறும் எண் இல்லை; பெயர், பொறுப்பு, எண் மூன்றும் வேண்டும். அந்த எண்ணை நிறுவனத்தின் பெயரோடு ஃபோனிலும் சேமித்துவிட்டால், அழைப்பு வரும்போதே யார் என்று திரையில் தெரியும். வேலை விளம்பரத்தை மட்டும் ஷீட்டில் ஏற்றாமல், தனி ஃபோல்டரில் பிடிஎஃப் ஆகச் சேமித்தார். விளம்பரத்தை எடுத்துவிட்ட பிறகுதான் நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். இணைப்பு மட்டும் இருந்தால் அது வெறும் பக்கத்தைக் காட்டும்.

விதி ஒன்றுதான். 'முடிந்தது' என்று எழுதாத எந்த வரிசையிலும் 'அடுத்த தேதி' காலியாக இருக்கக் கூடாது. "காத்திருக்கிறேன்" என்று எழுதினாலும் எதுவரை என்று ஒரு நாள் வேண்டும்.

அந்த நாளை எப்படிக் குறிப்பது என்று யோசித்தோம். யாராவது ஒரு நாளைச் சொல்லியிருந்தால், அதோடு இரண்டு வேலை நாள். யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால், விண்ணப்பித்த நாளிலிருந்து ஏழு வேலை நாள். இந்தப் பக்கம் பல நிறுவனங்களுக்கு சனிக்கிழமையும் வேலை நாள். சாதாரண `WORKDAY` சனி, ஞாயிறு இரண்டையும் விட்டுவிடும். அதனால் ஞாயிறை மட்டும் விடும் வடிவத்தைப் போட்டோம். கடைசியில் வரும் 11 அதற்கான குறி.

```
=WORKDAY.INTL(C2,7,11)
```

இரண்டு தடவை நினைவூட்டிய பிறகும் பதில் இல்லையென்றால் 'முடிந்தது' என்று எழுதித் தேதியை அழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் ஷீட் முழுக்கச் செத்த வரிசைகளாகி, உயிரோடு இருப்பது தெரியாமல் போகும்.

இன்னொரு கணக்கை அவரே சேர்த்தார். அவர் விண்ணப்பிக்கும் வேலைக்கு ஆள் எடுப்பவர் கணக்குப் பிரிவின் மேலாளர். மாதந்தோறும் ரிட்டர்ன் போடும் நிறுவனத்தில் 7ஆம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும், 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி. "19ஆம் தேதி யாராவது என்கிட்ட ரெஸ்யூமே பார்த்தீங்களான்னு கேட்டிருந்தா நான் ஃபோனையே எடுத்திருக்க மாட்டேன் அக்கா" என்றார். சூத்திரம் காட்டும் நாள் இந்தக் கெடுவிலோ முந்தின நாளிலோ விழுந்தால், கையால் தள்ளி வைத்தார். எனக்கு இது தோன்றியே இருக்காது. அந்த வேலையில் இருந்தவருக்குத்தான் தெரியும்.

தேதி வந்த வரிசை நிறம் மாற, Format → Conditional formatting வழியாக இதைக் கொடுத்தோம்:

```
=AND($H2<>"",$H2<=TODAY())
```

நிறம் மாறுவது ஷீட்டைத் திறந்தால்தான் தெரியும், அது தானாக நம்மைக் கூப்பிடாது. தினமும் காலை ஒன்பதரைக்குத் திறப்பது என்று வைத்துக்கொண்டார். நேர்காணல், சொன்ன நேரத்தில் கூப்பிட வேண்டிய அழைப்பு இரண்டை மட்டும் ஃபோன் காலண்டரில் மணியடிக்க வைத்தார். எல்லா வரிசைக்கும் மணி வைத்தால் மூன்றாம் நாளே பார்க்காமல் தள்ளிவிடப் பழகிவிடுவோம்.

ஒரு வரிசையின் கதை

ஜூன் 24, திங்கள்கிழமை, பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு அவர்களுடைய இணையதளம் வழியாக விண்ணப்பித்தார். ஏழு வேலை நாள் ஜூலை 2இல் விழுந்தது. அன்று காலை வரிசை மஞ்சளானது. விண்ணப்பம் கிடைத்ததாக வந்திருந்த மடலுக்கே பதிலாக நான்கு வரி எழுதினார்: எந்தப் பணி, எந்த நாளில் விண்ணப்பித்தேன், ஜிஎஸ்டி ரிட்டர்ன் வேலையில் நான்கு வருட அனுபவம், எப்போது வேண்டுமானாலும் சேரலாம். புதிய மடலாக அனுப்பாமல் பழைய மடலுக்கே பதிலாகப் போட்டால், படிக்கிறவர் ரெஸ்யூமேயைத் தேட வேண்டியதில்லை.

சாயங்காலமே பதில் வந்தது. மேலாளர் விடுப்பில் இருக்கிறார், 8ஆம் தேதி வருவார், அப்போது தொடர்பு கொள்ளுங்கள். அவர் வெளியில் இருந்ததால் ஃபோனிலேயே ஷீட்டைத் திறந்து 'அடுத்த தேதி'யில் 08/07/2024 என்று தட்டி மூடினார்.

ஜூலை 8 வந்தது. வரிசை நிறம் மாறவில்லை. 9, 10, 11, 12 நாட்களிலும் மாறவில்லை. மஞ்சள் இருந்தால் செய்வது, இல்லாவிட்டால் விடுவது என்று பழகியிருந்ததால் அவர் தேடவும் இல்லை.

பிழையைக் கண்டது

ஜூலை 13, சனிக்கிழமை. வரிசை வரிசையாகக் குறிப்பைப் படித்துக்கொண்டு வந்தோம். "8ஆம் தேதி வருவார்" என்ற குறிப்பின் பக்கத்தில் வெள்ளைக் கட்டம் இருந்தது. தேதியை மாதப் பெயரோடு காட்டும்படி மாற்றினேன். 07-Aug-2024 என்று காட்டியது.

ஷீட்டை என் கணக்கிலிருந்து உருவாக்கியிருந்தேன். அதன் Locale அமெரிக்காவாக இருந்தது. அமெரிக்க முறையில் மாதம் முன்னால், நாள் பின்னால். நம் ஜூலை 8 அங்கே ஆகஸ்ட் 7 ஆகிவிட்டது. பன்னிரண்டாம் தேதி வரையிலான நாட்களுக்கு இப்படி நடக்கும். அதற்கு மேல் போனால் வேறு விதம். 18/07/2024 என்று தட்டினால் பதினெட்டாவது மாதம் இல்லாததால், ஷீட் அதைத் தேதியாகவே எடுக்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். எழுத்தை இன்றைய தேதியோடு ஒப்பிட்டால் எப்போதும் பெரியது என்றே வரும், ஆகவே அந்த வரிசை என்றைக்கும் நிறம் மாறாது. ஒரு வகைக்கு அடையாளம், எழுத்தானது கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டி நிற்கும். தேதி வலது ஓரத்தில் நிற்கும். மாதம் மாறிப்போன வகைக்கு அந்த அடையாளமும் கிடையாது.

ஃபோனிலிருந்து தட்டிய ஐந்து வரிசைகள் இப்படிக் கெட்டிருந்தன. இரண்டு மாதம் மாறியவை, மூன்று எழுத்தானவை. மடிக்கணினியில் விண்ணப்பித்த நாளை Ctrl+; அழுத்திப் போட்டதால் அவை சரியாகவே இருந்தன. ஆனால் ஜூன் 22 அன்றே சூத்திரம் மாதத்தை முன்னால் வைத்துத் தேதி காட்டியதை நான் பார்த்தேன். காட்டும் பாணிதானே என்று விட்டேன். அப்போதே நின்று கேட்டிருக்க வேண்டும்.

File → Settings → Locale இல் India என்று மாற்றினோம். அப்படி மாற்றினாலும் ஏற்கெனவே ஆகஸ்ட் 7 ஆகப் பதிந்தது ஜூலை 8 ஆகாது. ஐந்தையும் கையால் திருத்தினோம். தேதிப் பத்திகள் எப்போதும் 08-Jul-2024 என்று மாதப் பெயரோடு தெரியும்படி வைத்தோம். செல்லுபடியாகும் தேதி தவிர வேறெதையும் ஏற்காதபடி Data validation போட்டோம். தேதி இல்லாமலோ எழுத்தாகவோ கிடக்கும் வரிசை சிவப்பாகும்படி இன்னொரு விதியும் சேர்த்தோம்:

```
=AND($A2<>"",$G2<>"முடிந்தது",NOT(ISNUMBER($H2)))
```

அதற்குப் பிறகு நடந்தது

அடுத்து என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் இரண்டு எண்ணம். ஐந்து நாள் தாமதித்ததற்கு விளக்கத்தோடு மடல் போடலாம் என்றார் அவர். ஃபோனே பண்ணிவிடுங்கள் என்றேன் நான். 11 தாண்டிவிட்டது, 20க்கு இன்னும் நாள் இருக்கிறது, சனிக்கிழமை முற்பகல், மேலாளர் இடத்தில் இருப்பார். விளக்கம் எதுவும் வேண்டாம், தாமதம் நமக்குத்தான் பெரிதாகத் தெரிகிறது.

அங்கிருந்தே கூப்பிட்டார். மனிதவளப் பிரிவில் இருந்தவர், இரண்டு பேரைப் பார்த்தாகிவிட்டது, இன்னும் முடிவாகவில்லை, செவ்வாய்க்கிழமை வர முடியுமா என்று கேட்டார்.

ஜூலை 16 நேர்காணலில் டாலியில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். கொள்முதல் பதிவேட்டை ஜிஎஸ்டிஆர்-2பியோடு ஒப்பிட்டு, விடுபட்ட பில்களை எடுக்கும் வேலை. அது நன்றாகப் போனது. வாரக் கடைசிக்குள் சொல்கிறோம் என்றார்கள். வெளியே வந்ததும் பஸ் நிறுத்தத்திலேயே ஷீட்டில் குறித்தார். வாரக் கடைசி என்றால் வெள்ளி, 19. அதோடு இரண்டு வேலை நாள் சேர்த்தால் திங்கள், 22. ஜிஎஸ்டிஆர்-3பி கெடுவும் அதற்குள் முடிந்துவிடும்.

22 வரை எதுவும் வரவில்லை. அன்று காலை மூன்று வரி மடல் அனுப்பினார். மறுநாள் அழைப்பு வந்தது. 25ஆம் தேதி நிறுவனப் பங்குதாரரோடு இரண்டாவது சந்திப்பு. அங்கே அவர் கேட்ட முதல் கேள்வி: "அப்ளிகேஷன்ல இருபத்தாறுன்னு போட்டிருக்கீங்க, அதே தானா?" வாசலில் காத்திருக்கும்போதே அந்த வரிசையைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போயிருந்தார். "இருபத்தாறிலிருந்து இருபத்தெட்டு வரைன்னு போட்டிருந்தேன் சார்" என்றார். 29ஆம் தேதி இருபத்தேழாயிரத்துக்கு நியமனக் கடிதம் வந்தது. ஆகஸ்ட் 5 சேர்ந்தார்.

ஷீட்தான் வேலையை வாங்கித் தந்தது என்று சொல்ல மாட்டேன். 13ஆம் தேதி கூப்பிடாமல் இருந்திருந்தாலும் அவர்களே கூப்பிட்டிருக்கலாம், அதை யாரும் அறிய முடியாது. மொத்தத்தில் அவர் நினைவூட்டிய இடங்களில் மூன்றில் இரண்டு பங்கு மௌனமாகவே இருந்தது. நினைவூட்டல் ஒரு 'வேண்டாம்' என்பதை 'வா' என்று மாற்றிய இடம் ஒன்றுகூட இல்லை. வேறு வேலையில் மூழ்கி மறந்துபோயிருந்தவர்களிடம்தான் அது வேலை செய்தது.

இனி மாற்றிச் செய்பவை

அடுத்து வருகிறவருக்கு ஷீட் அமைக்கும்போது முதல் வேலை Locale பார்ப்பது. பிறகு அவரையே, அவருடைய ஃபோனில், இந்த மாதத்தில் பன்னிரண்டுக்குக் கீழே ஒரு நாளையும் மேலே ஒரு நாளையும் தட்டச் சொல்லி, இரண்டும் மாதப் பெயரோடு சரியாகத் தெரிகிறதா என்று பார்க்கிறேன். ஒரு நிமிட வேலை.

வாரம் ஒரு தடவை நிறத்தை நம்பாமல் குறிப்புப் பத்தியை மேலிருந்து கீழ்வரை படிக்க வேண்டும் என்றும் சொல்கிறேன். பிழை அப்படிப் படித்தபோதுதான் அகப்பட்டது.

ஜூலை கடைசியில்தான் இன்னொன்றைக் கவனித்தேன். எனக்குக் காட்டுவதற்காக, இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என்று ஷீட் திறந்து கிடந்தது. அதில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் பெயரும் சொந்த எண்ணும் இருந்தன. எந்த நம்பிக்கையில் அவர்கள் எண்ணைக் கொடுத்தார்களோ அதற்கு இது சரியில்லை. இப்போது மின்னஞ்சல் முகவரி சொல்லி அழைத்தவர் மட்டும் பார்க்கும்படியே வைக்கச் சொல்கிறேன்.

நியமனக் கடிதம் கையில் வந்த மறுநாள், திறந்திருந்த ஆறு வரிசைகளையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதில் ஒரு இடத்தில் ஆகஸ்ட் 2 நேர்காணல் இருந்தது. ஆறு பேருக்கும் வேறு இடத்தில் சேர்கிறேன், நேரம் ஒதுக்கியதற்கு நன்றி என்று எழுதினார். நேர்காணல் வைத்திருந்தவரை மட்டும் ஃபோனிலேயே கூப்பிட்டுச் சொன்னார். "முன்னாடியே சொன்னீங்களே, நல்லது மேடம், அந்த நேரத்துக்கு வேற ஆளைக் கூப்பிட்டுக்குறோம்" என்றார் அவர். அந்த வரிசையிலும் 'முடிந்தது' என்று எழுதித் தேதியை அழித்தார்.